காணாமல் போன சட்ஜம்: இணையத்தில் பாட்டு வகுப்பு நடத்திக் கற்றுக்கொண்டவை

கும்பகோணத்தில் வீட்டிலேயே பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் ஜண்டை வரிசை வரை வந்திருந்த ஒரு பெண் குழந்தை, அப்பாவுக்கு வேலை மாற்றமானதால் 2021இல் நியூ ஜெர்சிக்குப் போய்விட்டாள். "ஆன்லைனில் தொடர முடியுமா, மிஸ்?" என்று அவள் அம்மா கேட்டார். வாட்ஸாப்பில் வீடியோ கால் பேசத் தெரியும், வேறென்ன வேண்டும் என்று நினைத்து ஒப்புக்கொண்டேன். முதல் ஆறு வாரம் நான் செய்ததில் பாதிக்கு மேல் தப்பு. இப்போது பதினான்கு பேருக்கு இணையத்தில் வகுப்பு எடுக்கிறேன். அந்தத் தப்புகளை வரிசையாகச் சொன்னால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஆறு வாரமாவது மிச்சமாகும்.

முதல் தப்பு மூச்சு விஷயம். சட்ஜத்தை நீட்டிப் பிடிக்கச் சொன்னால் அந்தக் குழந்தை நன்றாகத்தான் தொடங்குவாள். மூன்று நான்கு விநாடியில் குரல் தேயும், கரகரக்கும், பிறகு காணாமலே போய்விடும். சுருதிப் பெட்டியும் அப்படித்தான், கேட்கும், மறையும், திடீரென்று வரும். பெட்டியை இணையத்தின் குறை என்று விட்டுவிட்டேன். குழந்தையை விடவில்லை. "மூச்சு பத்தலை, ஊருக்குப் போய் சோம்பேறி ஆயிட்டே" என்று சொல்லி மூன்று வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்தேன். நாலாவது வாரம் அவள் அம்மா தன் கைப்பேசியில் தனியாகப் பதிவு செய்து அனுப்பினார். "மிஸ், இதை ஒரு தடவை கேளுங்க. வீட்டில் இப்படித்தான் பாடுறா." கேட்டேன். சட்ஜம் பதினோரு விநாடி, கம்பி மாதிரி அசையாமல் நின்றது. குழந்தையிடம் மன்னிப்பு கேட்டேன்.

காரணத்தை அண்ணன் பையன்தான் சொன்னான். இந்தச் செயலிகள் எல்லாம் பேச்சுக்காகச் செய்தவை. பேச்சு ஏறி இறங்கும், விட்டு விட்டு வரும். ஏறாமல் இறங்காமல் ஒரே சீராக வருகிற எதையும் மின்விசிறி, ஏசி இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு வடிகட்டிவிடும். தம்புராவும் நீட்டிப் பிடித்த ஸ்வரமும் அதற்கு மின்விசிறி மாதிரிதான். குழந்தை எவ்வளவு சுத்தமாகப் பிடிக்கிறாளோ அவ்வளவு வேகமாக அழிக்கும்.

அதனால் ஜூமுக்கு மாறினோம். கணினியில் Settings போய், Audio பகுதியில் `Original sound for musicians` என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குக் கீழேயே `High-fidelity music mode`, எதிரொலித் தடுப்பான `Echo cancellation` இரண்டும் இருக்கும். முதலாவதைத் தேர்ந்தெடுத்து, இரண்டாவதை அணைக்க வேண்டும். நான் என் கணினியில் இதையெல்லாம் செய்துவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மாற்றமும் இல்லை. இரண்டு நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது: இந்த அமைப்பு போகிற ஒலிக்கு, வருகிற ஒலிக்கு அல்ல. என் பக்கம் மாற்றினால் என் குரல் அவளுக்கு நன்றாகப் போகும். அவள் குரல் எனக்கு நன்றாக வர, அவள் கணினியில் மாற்ற வேண்டும். அங்கே மாற்றிய பிறகும் முதல் வகுப்பில் பழைய கதைதான். Settings-இல் தேர்ந்தெடுத்தது பொத்தானைத் திரையில் கொண்டுவந்து வைப்பதற்கு மட்டும். வகுப்பு தொடங்கியதும் திரையின் மேற்பக்கம் இருக்கும் அந்தப் பொத்தானை அழுத்தி On என்று ஆக்கவும் வேண்டும். இன்றைக்கும் யாராவது "மிஸ், குரல் கேட்குதா?" என்றால் முதலில் நான் கேட்பது "ஒரிஜினல் சவுண்ட் ஆன்ல இருக்கா?" என்றுதான்.

எதிரொலித் தடுப்பை அணைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. மாணவர் அதை அணைத்துவிட்டு ஸ்பீக்கரில் கேட்டால் என் குரலே எனக்குத் திரும்பி வரும். ஆகவே இரண்டு பக்கமும் காதில் மாட்டுவது இருந்தால்தான் அணைக்க வேண்டும். அதுவும் கம்பி உள்ளதாக இருக்க வேண்டும். ப்ளூடூத்தில் தாமதம் கூடுவதோடு, அதிலுள்ள மைக்கைப் பயன்படுத்தும்போது ஒலியின் தரமும் பழைய தொலைபேசி அளவுக்கு இறங்கிவிடும். கமகம் எல்லாம் பூசி மெழுகினது போலக் கேட்கும். நான் வாங்கச் சொல்வது 450 ரூபாய் கம்பி இயர்ஃபோன், ஒரு காதில் மட்டும். மறு காது அவரவர் குரலைக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் குழந்தைகள் கத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

இதே வேகத்தில் 4,200 ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி மைக்கும் வாங்கினேன். தண்டம். எங்கள் தெருவின் பால்காரர் மணி வரை அது நியூ ஜெர்சிக்கு அனுப்பியது. ஒலி கெட்டது மைக்கால் அல்லவே, வடிகட்டியால். அந்த மைக் இப்போது அலமாரியில் இருக்கிறது.

சுருதி எந்தப் பக்கம் ஒலிக்க வேண்டும் என்பதிலும் தடுமாறினேன். முதலில் என் பெட்டியை இங்கே வைத்து அதைக் கேட்டுப் பாடச் சொன்னேன். இணையம் ஒரு நொடி விக்கினால் அவள் சுருதியே அறுந்துவிடும். இப்போது சுருதி எப்போதும் மாணவர் வீட்டில், அவரவர் கைப்பேசிச் செயலியில், தனியாக ஒலிக்கிறது. என் பக்கம் நானும் அதே செயலியை மெல்லியதாக வைத்துக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் ஒரே கட்டை, நுண்சுருதி திருகல் பூஜ்யத்தில். பழைய பெட்டியைக் கைவிட்டதற்கு ஒரு காரணம் இருக்கிறது. ஒரு பையன் எப்போதும் சுருதிக்கு மேலே நிற்பதாகத் தோன்றியது. சந்தேகம் வந்து டியூனரில் பார்த்தால், ஐந்தரைக் கட்டைக்கு 207.65 ஹெர்ட்ஸ் காட்ட வேண்டிய என் பெட்டி 205-இல் நின்றது. பதினைந்து வருடப் பெட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. பையன் சரியாகத்தான் பாடினான்.

ஒலி சரியானதும் தாளம் பூதமாகக் கிளம்பியது. நேர் வகுப்பில் நான் தாளம் போட, குழந்தை பாடுவாள். அதையே இணையத்தில் செய்தேன். அவள் பின்தங்குவது போல இருக்கும். நான் அறியாமலே சற்று நிறுத்திப் போடுவேன், அதைக் கேட்டு அவள் இன்னும் இழுப்பாள். நாலு ஆவர்த்தனத்தில் அலங்காரம் மாட்டு வண்டி ஆகிவிடும். இதிலும் முதலில் குழந்தையைத்தான் குறை சொன்னேன்.

தாமதம் எவ்வளவு என்று அளக்க ஒரு சுலபமான வழி கண்டுபிடித்தோம். நான் மெட்ரோனோம் வைத்துக் கை தட்டுவேன், அவள் என் தட்டைக் கேட்டு அதனுடனேயே தட்டுவாள். நிமிடத்துக்கு 60-இல் தொடங்கினால் அவள் தட்டு என் தட்டுக்குச் சற்றுப் பின்னால் விழும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். 75 வந்தபோது அவள் தட்டு என் இரண்டு தட்டுகளுக்கு நட்ட நடுவில் விழுந்தது. 75 என்றால் தட்டுக்குத் தட்டு 0.8 விநாடி. அதில் பாதி 0.4. ஆக, என் ஒலி போய் அவள் ஒலி திரும்ப 0.4 விநாடி. சரளி வரிசை இரண்டாம் காலத்தில், அட்சரம் ஒரு விநாடி என்று வைத்தால், ஒரு ஸ்வரத்துக்கு அரை விநாடி. அவள் மிகச் சரியாகப் பாடினாலும் எனக்குக் கிட்டத்தட்ட ஒரு ஸ்வரம் பிந்தித்தான் கேட்கும். பணம் போட்டு வேகமான இணைப்பு வாங்கினாலும் இது தீராது. தூரமே அதில் பெரும்பங்கு. திருச்சியில் இருக்கும் மாணவருக்கு இதே சோதனையில் 0.2-க்குச் சற்றுக் கீழே வந்தது. அதிலும் சேர்ந்து பாட முடியாது.

அன்றோடு சேர்ந்து பாடுவதை விட்டேன். தாளம் போடுவது மாணவர்தான். ஆனால் கையைத் திரையில் பார்த்துச் சரி தப்பு சொல்லக் கூடாது. இணையம் மந்தமானால் படம் ஒலியைவிடப் பிந்தி வரும். தாளம் தப்பவே தப்பாத ஒரு பையனை, கை தப்பாகத் தெரிந்தது என்று நான் கடிந்துகொண்ட நாள் உண்டு. இப்போது ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து, சத்தம் கேட்கும்படி தட்டச் சொல்கிறேன். தட்டும் குரலும் ஒரே மைக் வழியாக வருவதால் எவ்வளவு பிந்தினாலும் இரண்டும் சேர்ந்தே பிந்தும். ஒன்றுக்கொன்று எப்படி இருக்கிறது என்பது எனக்குத் தெளிவாகக் கேட்கும்.

சேர்ந்து பாடினால்தான் குரல் பழகும் என்பதும் உண்மை. அதற்கு ஒவ்வொரு பாடத்தையும் மாணவரின் சுருதியில் பாடிப் பதிவு செய்து அனுப்புகிறேன், ஒவ்வொரு வரியும் இரண்டு தடவை. முதல் தடவை கேட்க, இரண்டாம் தடவை கூடவே பாட. நாலரைக் கட்டை, ஐந்து, ஐந்தரை என்று மூன்று சுருதியில் சரளி வரிசையிலிருந்து அலங்காரம் வரை பாடி முடிக்க எனக்கு ஒரு கோடை விடுமுறை முழுதும் ஆனது. அந்த வேலையை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஒரு வகுப்பு இப்போது 35 நிமிடம். ஜூமின் இலவசக் கணக்கு 40 நிமிடத்தில் அறுந்துவிடும், வணக்கம் சொல்லி முடிக்க ஐந்து நிமிடம் வேண்டும். முதல் மூன்று நிமிடம் சட்ஜம், பஞ்சமம், மேல் சட்ஜம் நீட்டிப் பிடிப்பது. இது குரலுக்குப் பயிற்சி, இணைப்புக்கும் சோதனை: சட்ஜம் தேய்ந்தால் பொத்தான் அணைந்திருக்கிறது. அடுத்து பத்து நிமிடம் போன வாரப் பாடம், நடுவில் நான் வாயே திறப்பதில்லை. இது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நேரில் "ஆங்... காந்தாரம்" என்று இடையில் புகுந்து திருத்துவோம். இணையத்தில் அந்தத் திருத்தம் போய்ச் சேரும்போது குழந்தை இரண்டு ஸ்வரம் தாண்டியிருப்பாள். ஆகவே பென்சிலால் குறித்துக்கொண்டு, முடிந்ததும் சொல்கிறேன். பிறகு பதினைந்து நிமிடம் புதுப் பாடம்: நான் ஒரு வரி, அவர் ஒரு வரி. நேரில் ஒரே வகுப்பில் கீதத்தின் ஆறு வரி போகும் என்றால் இங்கே மூன்று வரிதான் போகிறது. கடைசியாக அந்த மூன்று வரியையும் அவர் தன் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்ப வேண்டிய நாளைக் குறிக்கிறோம். பதிவை நான் என் சுருதிச் செயலியோடு சேர்த்து ஓடவிட்டுக் கேட்பேன். ஸ்வரஸ்தானம் நிற்கிறதா என்று நேரலையைவிட இதில்தான் நன்றாகத் தெரிகிறது.

மூன்று பேரைச் சேர்த்துக் குழு வகுப்பு ஒன்று நடத்திப் பார்த்தேன். ஒருவர் பாடும்போது இரண்டு பேர் மைக்கை அணைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இரண்டே மாதத்தில் நிறுத்திவிட்டேன். ஒரே வீட்டு அக்கா தம்பி ஒரே மைக் முன்னால் என்றால் மட்டும் சேர்த்து எடுக்கிறேன்.

என் வீட்டு இணைப்பின் கதை தனி. 100 எம்பிபிஎஸ் என்று பணம் கட்டுகிறேன், ஆனாலும் குரல் நடுநடுவே ரோபோ மாதிரி உடையும். சேவை நிறுவனத்துக்கு நாலு முறை புகார் செய்தேன், வந்தவர் வேகச் சோதனை போட்டு 96 காட்டி விட்டுப் போனார். அண்ணன் பையன் என் விண்டோஸ் கணினியில் வேறு சோதனை போட்டான்: நூறு தடவை ஒரு சின்னச் செய்தியை இணையத்தில் அனுப்பி, ஒவ்வொன்றும் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பது.

```
ping -n 100 8.8.8.8
```

ரவுட்டர் கூடத்தில், பாட்டு அறை இரண்டு சுவர் தள்ளி. வைஃபையில் இதை ஓட்டினால் சில வரிகள் 9 மில்லி விநாடி, சில 340, நூற்றில் நாலு திரும்பவே இல்லை. பாட்டுக்கு வேகம் அவ்வளவு வேண்டியதில்லை. ஜூமின் இசை அமைப்புக்கே ஒற்றை ஒலி என்றால் 96 கேபிபிஎஸ் போதும். சீராக வர வேண்டும், அவ்வளவுதான். 380 ரூபாய்க்கு 15 மீட்டர் லேன் கேபிள் வாங்கி வந்து வீட்டுக்காரர் கதவு நிலை ஓரமாக ஆணி அடித்து இழுத்தார். அதே சோதனையில் குறைந்தது 6, கூடியது 14, ஒன்றும் தொலையவில்லை. ஒரு வருடம் பட்ட அவஸ்தை ஒரு மாலையில் தீர்ந்தது. ரவுட்டருக்கு மட்டும் 1,450 ரூபாயில் ஒரு சின்ன யுபிஎஸ். கரண்ட் போனாலும் மடிக்கணினியில் வகுப்பு ஓடுகிறது.

மாணவர் பக்கம் இணையம் மோசமாக இருந்தால் கேபிள் போட முடியாது. கொல்லிமலைப் பக்கம் ஒரு பெண், ஆசிரியை, கைப்பேசி டேட்டாதான். முதல் ஐந்து நிமிடம் படத்தோடு, வாய் திறப்பதையும் உட்காருவதையும் பார்ப்பேன். பிறகு இருவரும் படத்தை அணைத்துவிடுவோம். ஒலிக்கு எவ்வளவோ இடம் கிடைக்கும். மழைக்காலத்தில் ஒருநாள் அதுவும் அறுந்து அறுந்து வந்தது. சரி, வகுப்பை விட வேண்டாம் என்று வாட்ஸாப்பில் குரல் பதிவாக ஒரு வரி பாடி அனுப்பினேன். அவர் பாடி அனுப்பினார். நான் "நிஷாதம் இன்னும் மேலே" என்று சொல்லி, அந்த இடத்தை மட்டும் பாடி அனுப்பினேன். அரை மணியில் பன்னிரண்டு சுற்று. அடுத்த வாரம் அவர் அந்த வரிகளை, வேறெந்தப் பாடத்தையும்விடச் சுத்தமாகப் பாடினார். கேட்டால், "ஒவ்வொன்றும் அனுப்பும் முன்னால் நாலைந்து தடவை பாடி, பிடிக்காததை அழிச்சிடுவேன் மிஸ்" என்றார். இப்போது இதை விதியாகவே வைத்திருக்கிறேன்: இணைப்பு பத்து நிமிடத்துக்குமேல் சரியாகாவிட்டால் அன்று குரல் பதிவு வகுப்பு, முழு வகுப்பாகவே கணக்கு. சேரும்போதே சொல்லிவிடுவதால் கட்டணத் தகராறு வந்ததில்லை.

மாதிரி வகுப்பை முதலில் இலவசமாக வைத்தேன். பதினோரு பேர் வந்தார்கள், மூன்று பேர் சேர்ந்தார்கள். இரண்டு பேர் சொன்ன நேரத்துக்கு வரவே இல்லை. பிறகு 200 ரூபாய் வாங்கி, சேர்ந்தால் கட்டணத்தில் கழித்துக்கொள்வது என்று மாற்றினேன். வந்தவர்கள் ஏழு, சேர்ந்தவர்கள் ஐந்து.

அதில் என்ன செய்வது என்பதும் மாறியது. முதலில் நானே ஒரு கீர்த்தனை பாடிக் காட்டிக்கொண்டிருந்தேன், அது கச்சேரி. இப்போது அரை மணியில் முதல் பத்து நிமிடம் அவர்கள் கருவியைச் சரி செய்வதற்கே போகிறது. பொத்தான், இயர்ஃபோன், சுருதிச் செயலி, நோட்டுப் புத்தகத் தட்டு. அடுத்து கட்டை பார்ப்பது: தெரிந்த ஒரு பாட்டைச் சுருதி இல்லாமல் பாடச் சொல்லி, எங்கே நிற்கிறார் என்று பார்ப்பேன். பிறகு அந்தக் கட்டையில் கீழ்ப் பஞ்சமம் இறங்குகிறதா, மேல் காந்தாரம் கத்தாமல் எட்டுகிறதா என்று பார்த்து அரைக் கட்டை ஏற்றி இறக்குவேன். கடைசியாக மாயாமாளவகௌளையில் நாலு ஸ்வரம் சொல்லிக்கொடுத்து, ஒரு தடவை திருத்திய பிறகு மாற்றிப் பாடுகிறாரா என்று கவனிப்பேன். முதல் தடவையே சரியாகப் பாடுவதைவிட இது எனக்கு முக்கியம். ஏழு வயதுக்குக் கீழே என்றால் பக்கத்தில் அம்மாவோ அப்பாவோ உட்கார முடியுமா என்று கேட்பேன். முடியாது என்றால் நேர் வகுப்பு தேடிக்கொள்ளச் சொல்லிவிடுவேன். தொலைவிலிருந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்துத் தாளம் போட வைக்க எனக்குத் தெரியவில்லை.

கட்டணம் உள்ளூருக்கு மாதம் எட்டு வகுப்புக்கு 1,600 ரூபாய், வெளிநாட்டுக்கு வகுப்புக்கு 700. அமெரிக்கக் கிழக்குப் பகுதி மாணவர்களுக்கு நேரத்தை அவர்கள் ஊர்க் கடிகாரப்படி எழுதி வைக்க வேண்டும். குளிர்காலத்தில் நமக்குக் காலை 7 மணி அங்கே முந்தைய நாள் இரவு 8.30. மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தைத் தள்ளியதும் அதுவே 9.30 ஆகிவிடும். முதல் வருடம் நான் ஏழு மணிக்கு உட்கார்ந்திருக்க, குழந்தை ஒரு மணி நேரம் முன்பே காத்திருந்து தூங்கப் போய்விட்டாள்.

அந்த நியூ ஜெர்சிப் பெண் போன ஜூலையில் விடுமுறைக்கு வந்தாள். மோகன வர்ணம் வரை இணையத்திலேயே வந்திருந்தாள். ஊஞ்சலுக்கு எதிரே பாய் விரித்து, நேரில் பாடச் சொன்னேன். சுருதி சுத்தம், காலப்பிரமாணம் சுத்தம். ஆனால் நாலடி தள்ளி இருந்த எனக்கே சாஹித்யம் சரியாகக் கேட்கவில்லை. மூன்று வருடமும் மடிக்கணினிக்கு ஒரு சாண் தூரத்தில் பாடியிருக்கிறாள், எனக்கு இந்தப் பக்கம் கணீரென்று கேட்டிருக்கிறது. இன்னொன்றும் கவனித்தேன். நான் ஒரு வரி பாடி முடித்ததும் அவள் உடனே எடுக்கவில்லை. என் குரல் வந்து சேரக் காத்திருப்பது போல அரை நொடி பொறுத்துத்தான் எடுத்தாள். எடுத்துவிட்டு அவளே சிரித்தாள்.

அவள் இருந்த மூன்று வாரமும் நாங்கள் சேர்ந்தே பாடினோம். ஊருக்குப் போனதும் மடிக்கணினியிலிருந்து நாலடி அளந்து தரையில் ஒட்டுத்தாள் ஒட்டச் சொன்னேன். மற்ற பதின்மூன்று பேர் வீட்டிலும் இப்போது அந்தக் கோடு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பாடினால் எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் கேட்கிறது. ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்கிறேன்.